முந்திரிப் பாக்கெட்டின் மேல் என்ன எழுத வேண்டும்: எண், வறுவல், தேதி, பரிசுப் பெட்டி

"அக்கா, நான் பாறசாலையில் வீட்டிலிருந்தே முந்திரி, பாதாம், கிஸ்மிஸ் பாக்கெட் போட்டு வாட்ஸாப்பில் விற்கிறேன். 'ஏ1 குவாலிட்டி, ஜம்போ சைஸ், பிரெஷ்' என்றுதான் இதுவரை எழுதினேன். போன மாதம் மூன்று பேர், சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வகை, சைஸ், வறுத்தது, பேக்கிங் தேதி, கிப்ட் பாக்ஸ் இதெல்லாம் எப்படி எழுதினால் இந்தப் பிரச்சினை வராது? ஓணத்துக்கு முன்னால் சரி பண்ண வேண்டும்."

தங்கச்சி, முதலில் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். உன் ஊரில் அதுதான் முதல் குழப்பம். நாம் முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு. நெய்யாற்றின்கரை பக்கம் மலையாளம் பேசும் வீட்டில் முந்திரி என்றால் திராட்சை, உணக்கமுந்திரி என்றால் கிஸ்மிஸ். முந்திரிப்பருப்புக்கு அவர்கள் சொல்வது கசுவண்டி, அண்டிப்பரிப்பு. நான் கடை போட்ட புதிதில் ஒரு வீட்டுக்காரர் போனில் "முந்திரி அரைக்கிலோ" என்றார். நான் முழுப் பருப்பு அரைக்கிலோ கட்டி அனுப்பினேன். பாயசத்துக்குக் கிஸ்மிஸ் கேட்டவர் அவர். யார் மேலும் தவறில்லை, ஆனால் பருப்பு திரும்பி வந்தது. அதிலிருந்து "முந்திரிப்பருப்பு (அண்டிப்பருப்பு)", "கிஸ்மிஸ் (உணக்கமுந்திரி)" என்று இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விற்கிறவர்கள் இதை விடக்கூடாது.

உன்னிடம் பல சரக்கு இருந்தாலும் முந்திரிப்பருப்பையே எடுத்து விரிவாகச் சொல்கிறேன். கருங்கல் பக்கம் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையில், தரம் பிரிக்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். எனக்குக் கையால் தெரிந்த பொருள் அதுதான். மற்றவற்றை நடுவில் தொட்டுக்கொள்கிறேன்.

வகை என்ற சொல் பாதாமுக்கும் முந்திரிக்கும் ஒரே அர்த்தத்தில் வராது. பாதாமில் மாம்ரா, குர்பந்தி, கலிபோர்னியா நான்பரேல் என்று வகை சொன்னால் வாங்குகிறவருக்கு ஏதோ புரியும். ருசியும் எண்ணெய்ப் பசையும் வகைக்கு வகை மாறுகிறது. முந்திரியில் மரத்தின் ரகத்தைச் சொல்லி யாரும் பருப்பு விற்பதில்லை. ஆபீஸுக்கு வரும் கொட்டையில் பெரும்பங்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தூத்துக்குடி, கொச்சி வழியாக இறங்குவது. ஐவரி கோஸ்ட், தான்சானியா, கினியா பிசாவ், பெனின் என்று சாக்கில் பெயர் இருக்கும். அதனால் "கொல்லம் முந்திரி" என்று எழுதினால், கொல்லத்தில் உடைத்துத் தோலெடுத்த பருப்பு என்றுதான் பெரும்பாலும் பொருள், கொல்லத்தில் காய்த்தது என்று அல்ல. உனக்குச் சரக்கு தருகிறவரிடம் கேட்டுப்பார். நம் நாட்டுக் கொட்டைதான் என்று அவர் எழுதித் தந்தால் அப்படி எழுது. இல்லாவிட்டால் "கன்னியாகுமரி மாவட்டத்தில் பதப்படுத்தியது" என்று எழுது. அது உண்மை, அதுவே போதும். நம் ஆபீஸ்களில் கைவேலை நேர்த்தியானது, அதற்குத் தனியாக ஒரு மதிப்பு உண்டு.

முந்திரியில் வகை என்பது உண்மையில் பருப்பு எப்படி இருக்கிறது என்பதுதான். முழுப் பருப்பா, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்த பாதியா, குறுக்கே உடைந்த துண்டா, பொடித் துண்டா என்பது முதல் கேள்வி. அடுத்தது நிறம். வெள்ளை முழுப் பருப்புக்கு டபிள்யூ என்று பெயர். ஆபீஸில் கொட்டை வேகும்போதோ போர்மா என்ற சூட்டறையில் உலரும்போதோ சூடு கொஞ்சம் கூடிவிட்டால் பருப்பு இளம் பழுப்பாகிவிடும். அதை எஸ்டபிள்யூ என்று தனியாகப் பிரித்துவிடுவோம். இங்கேதான் வியாபாரத்தில் ஒரு தப்பு நடக்கிறது. எஸ்டபிள்யூ விலை குறைவு. பார்ப்பதற்கு லேசாக வறுத்த மாதிரி இருக்கும். அதை வாங்கி "வறுத்த முந்திரி" என்று பாக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கினவர் கடித்துப் பார்த்தால் மொறுமொறுப்பு இருக்காது, வறுத்த வாசனையும் இருக்காது. எஸ்டபிள்யூ கெட்ட பருப்பு அல்ல. குருமாவுக்கு அரைக்க, இனிப்புக்குப் பொடிக்க நல்லதுதான். "இளம் பழுப்பு முழுப் பருப்பு, வறுக்காதது, சமையலுக்கு ஏற்றது" என்று அதன் பெயரிலேயே விற்றால் அதற்கும் வாங்குகிறவர்கள் வருவார்கள்.

சரி, சைஸுக்கு வருவோம். உன் மூன்று பாக்கெட்டும் திரும்பியது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஜம்போ என்பதற்கு அளவு கிடையாது. எண்ணுக்கு உண்டு. டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டு எடையில், அதாவது 454 கிராமில், 220 முதல் 240 பருப்பு வரை இருக்கும். டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320 வரை. டபிள்யூ 180 என்றால் 170 முதல் 180 வரை. எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. இது தெரியாதவர்கள் 320 என்றால் 240ஐ விட உசத்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் கடையிலேயே பலர் அப்படிக் கேட்டிருக்கிறார்கள். அதனால் எண்ணை மட்டும் எழுதினால் போதாது, கால் கிலோ பாக்கெட்டில் எத்தனை பருப்பு வரும் என்றும் எழுது. 180 என்றால் கால் கிலோவில் 94 முதல் 99 வரை வரும். 240 என்றால் 121 முதல் 132 வரை. 320 என்றால் 165 முதல் 176 வரை. இந்த ஒரு வரியே வாங்குகிறவர் மனதில் பருப்பின் உருவத்தைக் கொண்டுவந்துவிடும்.

இனி நீ செய்ய வேண்டியது, உன் கையில் இருக்கும் டின்னில் உண்மையாக எந்த எண் இருக்கிறது என்று பார்ப்பது. டின் மேல் ஒட்டியிருப்பதை அப்படியே நம்பி எழுதாதே. 10 கிலோ டின்னைத் திறந்து மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடு. மேலிருந்து மட்டும் எடுத்தால் ஏமாறுவாய், ஏனென்றால் வண்டியில் ஆடி ஆடித் துண்டும் சின்னப் பருப்பும் அடியில் போய் உட்கார்ந்துவிடும். மூன்றையும் ஒரு தட்டில் கலந்து, சமையலறைத் தராசில் சரியாக 100 கிராம் எடுத்து, பருப்பை எண்ணு. 240 ஆக இருந்தால் 49 முதல் 53க்குள் வர வேண்டும். 320 ஆக இருந்தால் 66 முதல் 71க்குள். இதையே மூன்று முறை செய்து பார். ஒரு டின்னுக்குப் பத்து நிமிஷம் கூட ஆகாது.

போன வருடம் எனக்கு வந்த ஒரு டின்னைச் சொல்கிறேன். டின்னில் டபிள்யூ 240 என்று இருந்தது. 100 கிராமில் முதல் தடவை 58, இரண்டாவது தடவை 57, மூன்றாவது தடவை 59 வந்தது. 58 என்றால் கிலோவுக்கு 580. பவுண்டுக்குக் கணக்குப் போட்டால் 263. இது 240ம் இல்லை, 320ம் இல்லை. அப்போது தட்டிலிருந்து கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த 20 பருப்பையும், சின்னதாகத் தெரிந்த 20 பருப்பையும் தனித்தனியாக நிறுத்தேன். உண்மையான 240 என்றால் 20 பருப்பு 38 முதல் 41 கிராம் வரை வரும். 320 என்றால் 28 முதல் 30 கிராம். எனக்குப் பெரிய 20 பருப்பு 41 கிராம் வந்தது, சின்ன 20 பருப்பு 29 கிராம். ஒரே அளவில் பிரித்த சரக்கிலும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும்தான், கையால் பிரிப்பதில் அது இயல்பு. ஆனால் தட்டில் பருப்பு இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றால், இரண்டு தரத்தைக் கலந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த டின்னைத் திருப்பிக் கொடுத்தேன். அதை 240 என்று நான் பாக்கெட் போட்டிருந்தால், உனக்கு வந்த புகார்தான் எனக்கும் வந்திருக்கும். புகார் சொன்னவர் சொன்னது சரியாகவும் இருந்திருக்கும்.

உடைசலையும் இதே தட்டில் பார்த்துவிடு. முழுப் பருப்பு என்று விற்கும் சரக்கில் உடைந்ததும் அடுத்த கீழ் அளவுப் பருப்பும் சேர்ந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஏற்றுமதித் தரப் பிரிப்பில் வைத்திருக்கும் அளவு. உன் பாக்கெட் கூரியரில் போகும்போது இன்னும் கொஞ்சம் உடையும். வேக்யூம் போட்டு இறுக்கினாலும் முழுப் பருப்பின் நுனி உடையும், அதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் "முழுப் பருப்பு, பயணத்தில் சில உடையக்கூடும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள். வெள்ளையாகப் பளிச்சென்ற படம் ஒன்றும், உன் டின்னிலிருந்தே எடுத்த பத்துப் பருப்பை ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் பக்கத்தில் வரிசையாக வைத்து எடுத்த படம் ஒன்றும் போடு. இரண்டாவது படம்தான் வேலை செய்யும்.

பாதாமுக்கும் எண் இருக்கிறது, ஆனால் அது பவுண்டுக்கு அல்ல, அவுன்சுக்கு. 23/25 என்றால் ஒரு அவுன்சில், அதாவது 28 கிராமும் கொஞ்சமும் கொண்ட எடையில், 23 முதல் 25 பாதாம். 100 கிராமில் 81 முதல் 88 வரும். ஓட்டோடு வரும் பிஸ்தாவுக்கும் அவுன்சுதான், 21/25 என்று போட்டிருப்பார்கள். முந்திரி எண்ணையும் பாதாம் எண்ணையும் ஒரே பட்டியலில் விளக்கமில்லாமல் எழுதினால் யாருக்கும் புரியாது. எல்லாவற்றுக்கும் "100 கிராமில் இத்தனை" என்று மாற்றி எழுதிவிடு. கிஸ்மிஸுக்கு அப்படி எண் வேண்டாம். பச்சையா, பொன்னிறமா, கறுப்பா, விதை உண்டா இல்லையா, காம்பு நீக்கியதா என்று சொன்னால் போதும்.

அடுத்தது வறுவல். வறுக்காத முந்திரியைப் "பச்சை முந்திரி" என்று எழுதுகிறார்கள். நீ அப்படி எழுத வேண்டாம். கடைக்கு வரும் எந்தப் பருப்பும் முழுப் பச்சை அல்ல. ஓட்டில் கையைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது, அதனால் கொட்டையை ஆவியில் வேகவைத்தோ சுட்டோதான் உடைக்கிறோம். அப்புறம் போர்மாவில் உலர்த்தித் தோலெடுக்கிறோம். "வறுக்காதது" என்று எழுது, சரியான சொல் அதுதான்.

வறுத்ததில் எண்ணெய் இல்லாமல் வறுத்தது, எண்ணெயில் பொரித்தது என்று இரண்டு இருக்கிறது. இரண்டையும் "ரோஸ்டட்" என்று ஒரே சொல்லில் எழுதாதே. எண்ணெயில் பொரித்தால் எந்த எண்ணெய், உப்பு எவ்வளவு, மிளகா, மிளகாய்ப்பொடியா என்பதைச் சேர்மானங்களில் எழுதியாக வேண்டும். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ள வீடுகளில் இதைத்தான் முதலில் தேடுவார்கள். எண்ணெயில்லாமல் வறுத்ததென்றால், "ஓவனில் வறுத்தது, உப்பு மட்டும் சேர்த்தது" என்று சொல். உப்பு ஒட்டுவதற்குக் கொஞ்சம் எண்ணெய் தடவியிருந்தால் அதையும் மறைக்காதே.

வறுக்கும்போது கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கிறது. நான் 145 டிகிரி போல வைத்து 15 நிமிஷம், நடுவில் இரண்டு தடவை கிளறி எடுக்கிறேன். உன் ஓவனுக்கு நேரம் கொஞ்சம் மாறும். எடுத்ததும் ஒரு பருப்பை நடுவில் பிளந்து பார். வெளியே பழுப்பும் உள்ளே வெள்ளையும் இருந்தால் சூடு கூடிவிட்டது, உள் ஈரம் போகவில்லை. இரண்டு நாளில் அந்த ஈரம் வெளியே வந்து பருப்பு நமத்துவிடும். உள்ளும் புறமும் ஒரே இளம் பொன்னிறம் வந்திருந்தால் சரி. இன்னொன்று, ஆறாமல் பாக்கெட் போடாதே. சூடாகப் போட்டால் கவரின் உள்பக்கம் ஆவி படியும், அதே ஈரத்தைப் பருப்பு திரும்பக் குடித்துவிடும். மின்விசிறிக்குக் கீழே பரப்பிக் கை வைத்தால் கொஞ்சமும் சூடு தெரியாத வரை காத்திரு. ஜூன், ஜூலை மழையில் அதிக நேரம் பரப்பி வைத்தாலும் காற்றின் ஈரம் ஏறிவிடும். மழைக்காலத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு சின்னச் சின்னத் தட்டாக வறுத்து, ஆறியதும் உடனே கட்டிவிடுகிறேன்.

வறுத்த பிறகு சைஸ் எண்ணும் லேசாக மாறும் என்பதை மறந்துவிடாதே. நல்ல பருப்பில் 5 சதவீதத்துக்குள் ஈரம் இருக்கும். வறுத்தால் அதில் பாதி போய்விடும். 100 கிராமில் 52 ஆக எண்ணிய 240, வறுத்த பிறகு 100 கிராமில் 53, 54 வரை வரும். எண்ணெயில் பொரித்தால் எண்ணெயும் உப்பும் ஏறி எண்ணிக்கை குறையலாம். எண்ணிப் பார்த்துக் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எண்ணுவதில் தப்பில்லை. "240 அளவு, வறுப்பதற்கு முன்" என்று எழுதிவிட்டால் விளக்கம் தேவைப்படாது.

தேதிக்கு வருகிறேன். "பிரெஷ்" என்பதை உன் பட்டியலிலிருந்து அழித்துவிடு, அதன் இடத்தில் தேதியை எழுது. பேக்கிங் தேதி என்று நீ பாக்கெட்டில் ஒட்டுவது, நீ கவரில் போட்ட நாள். பருப்பின் வயது அது அல்ல. ஆபீஸில் தோலெடுத்துத் தரம் பிரித்து டின்னில் அடைத்த நாள் ஒன்று இருக்கிறது. அந்த டின் மூடியபடியே மாதக்கணக்கில் கிடந்திருக்கலாம். காற்றை எடுத்து நைட்ரஜன் நிரப்பி மூடிய டின்னில் பருப்பு நன்றாகவே இருக்கும், அதில் குறையில்லை. டின்னைத் திறந்த நாளிலிருந்துதான் காற்றும் ஈரமும் வேலையைத் தொடங்குகின்றன. அதனால் நான் என் பில்லிலும் செய்தியிலும் டின் அடைத்த மாதம், டின் திறந்த தேதி, வறுத்த தேதி, பாக்கெட் போட்ட தேதி என்று நாலையும் எழுதுகிறேன். கேட்பதற்கு அதிகம் போலத் தெரியும், எழுதினால் ஒரே வரிதான்: "டின் ஜூன் மாதம், திறந்தது ஆகஸ்ட் 11, வறுத்தது 12, பாக்கெட் 13." இப்படி எழுதுகிறவர்கள் நம் பக்கம் மிகவும் குறைவு.

சட்டத்தில் ஒரு விஷயம் தெரிந்துகொள். சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011இன்படி பாக்கெட்டில் பொருளின் பெயர், நிகர எடை, அடைத்தவர் பெயரும் முகவரியும், மாதமும் வருடமும், அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய எண், வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதெல்லாம் இருக்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண், பச்சைப் புள்ளி, சேர்மானங்கள், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பது, கொட்டைப் பருப்பு ஒவ்வாமை எச்சரிக்கை இவையும் வேண்டும். இணையத்தில் விற்கும்போது இந்த விவரங்களைத் திரையிலும் காட்டச் சொல்லும் அதே பொட்டல விதி, மாதம் வருடத்துக்கு மட்டும் விலக்கு தருகிறது. அதனால்தான் நிறையப் பேர் வாட்ஸாப்பிலும் தளத்திலும் தேதி காட்டுவதில்லை. நீ காட்டு. ஒவ்வொரு தடவை புது டின் திறக்கும்போதும் பழைய செய்தியை அழித்து அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்பதை மற்றவர்களின் பாக்கெட்டைப் பார்த்து எழுதாதே. ஒவ்வொரு தடவை வறுக்கும்போதும் சில சின்னப் பாக்கெட்டுகளை விற்காமல் அலமாரியில் வைத்துவிடு, ஏசி அறையில் அல்ல, சாதாரணமாகச் சமையலறையில். 15 நாளுக்கு ஒரு முறை அவற்றில் ஒன்றைத் திறந்து முகர்ந்து, கடித்துப் பார். கெடும்போது முதலில் போவது மொறுமொறுப்பு, அப்புறம் வாசனை மங்கும், அப்புறம்தான் பழைய எண்ணெயின் காறல் வாடை வரும். மொறுமொறுப்பு போன நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு மூன்று வாரம் முன்னாலேயே உன் தேதியை வை. எனக்குச் சாதாரண ஜிப் கவரில் போட்ட வறுத்த பருப்பு, வறுக்காததைவிடப் பாதிக் காலம் கூடத் தாங்கவில்லை. அதற்கு அப்புறம் வறுத்ததற்கு உள்ளே அலுமினியம் பூசிய கவர்தான். பருப்பு தெரிய வேண்டும் என்று கண்ணாடி ஜன்னல் வைத்த கவர் கேட்பார்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் காறும், அதனால் வறுத்ததற்கு அந்தக் கவரை நான் தருவதில்லை.

பரிசுப் பெட்டியில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் ஒரு நிறுவனம் 60 பெட்டி கேட்டது. நாலு அறை வைத்த அட்டைப் பெட்டி. ஓர் அறையில் வறுத்த முந்திரி, ஒன்றில் பாதாம், ஒன்றில் கிஸ்மிஸ், ஒன்றில் பேரீச்சம்பழம். அறைகளுக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று போட்டு மூடினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. டிசம்பர் முதல் வாரம் கொடுத்தேன், அவர்கள் 22ஆம் தேதி பிரித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே போன் வந்தது. முந்திரி ரப்பர் மாதிரி இருக்கிறது என்றார்கள். பேரீச்சம்பழத்திலும் கிஸ்மிஸிலும் ஈரம் அதிகம், வறுத்த முந்திரியில் ஈரம் மிகக் குறைவு. ஒரே மூடியின் கீழே காற்று ஒன்றாக இருந்தால், ஈரம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரத்தில் பழம் கொஞ்சம் காய்ந்து, பருப்பு நமத்துவிட்டது. 60 பெட்டிக்கும் முந்திரியை மாற்றிக் கொடுத்தேன். அந்த வருடக் கிறிஸ்துமஸ் லாபம் அதில் போயிற்று.

அதிலிருந்து பெட்டிக்குள் ஒவ்வொன்றும் தனித் தனி ஒட்டிய கவரில்தான் போகிறது. பெட்டியின் விவரத்தில் இதைத் தெளிவாகச் சொல்: "ஒவ்வொன்றும் தனிக் கவரில் அடைத்தது." திறந்த அறையில் பருப்பு தெரிய வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், வறுக்காத பாதாமும் வறுக்காத முந்திரியும் மட்டும் வைத்துக் கொடு. பழத்தைச் சேர்க்காதே. மூன்று நாளுக்குள் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றால் மட்டும் பேசிப் பார்.

பெட்டியில் எடையும் தகராறாகும். "அரைக்கிலோ கிப்ட் பாக்ஸ்" என்று எழுதினால் சிலர் பெட்டியோடு நிறுத்துப் பார்ப்பார்கள், சிலர் பருப்பு மட்டும் அரைக்கிலோ என்று நினைப்பார்கள். பொருள் வாரியாக நிகர எடையை எழுது. முந்திரி 150, பாதாம் 150, கிஸ்மிஸ் 100, பேரீச்சை 100, மொத்தம் 500 கிராம், பெட்டியின் எடை சேராமல். அளவும் எழுது, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டரில். படத்தில் பெரிதாகத் தெரிந்து கையில் சின்னதாக வந்தால் பருப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முகம் சுருங்கிவிடும். தேதி பெட்டிக்கு எது என்றால், உள்ளே இருப்பதில் எது முதலில் கெடுமோ அதன் தேதிதான் பெட்டியின் தேதி. பெரும்பாலும் அது வறுத்த முந்திரியாக இருக்கும். விலை தெரியக் கூடாது என்று கேட்பார்கள். அச்சிட்ட விவரங்களை எடுக்கக் கூடாது, ஆனால் பெட்டியின் அடிப்பக்கம் ஒட்டலாம், மேலே வாழ்த்து அட்டை வைக்கலாம், பில்லைப் பரிசு வாங்குகிறவர் வீட்டுக்கு அனுப்பாமல் பணம் கொடுத்தவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பலாம். "கிப்ட் பாக்ஸ் வேண்டுமா" என்று கேட்பதோடு, பெட்டிக்கு மட்டும் எவ்வளவு என்பதைப் பருப்பு விலையிலிருந்து பிரித்துக் காட்டு. கலந்து சொன்னால் உன் பருப்பு மற்ற கடையைவிட அதிக விலை என்று நினைத்துவிடுவார்கள். வாழ்த்து எந்த மொழியில் என்றும் கேட்டுக்கொள். உன் ஊரில் ஓணத்துக்கு மலையாளத்தில் அட்டை கேட்பார்கள், தீபாவளிக்குத் தமிழில்.

நீ நாளைக்குப் போடுவதற்கு ஒரு விவரத்தை எழுதித் தருகிறேன். எண்களையும் தேதிகளையும் உன் டின்னை எண்ணிப் பார்த்த பிறகு மாற்றிக்கொள்:

"வறுத்த முந்திரிப்பருப்பு (அண்டிப்பருப்பு), லேசான உப்பு. வெள்ளை முழுப் பருப்பு, டபிள்யூ 240 அளவு, வறுப்பதற்கு முன் 100 கிராமில் 49 முதல் 53 பருப்பு. கன்னியாகுமரி மாவட்டத்தில் தோலெடுத்துத் தரம் பிரித்தது. எண்ணெயில் பொரிக்காமல் ஓவனில் வறுத்தது. சேர்மானம்: முந்திரிப்பருப்பு, உப்பு. நிகர எடை 250 கிராம். டின் ஜூன் மாதம், திறந்தது ஆகஸ்ட் 11, வறுத்தது 12, பாக்கெட் 13. பயணத்தில் சில பருப்பு உடையக்கூடும். கவரைத் திறந்த பிறகு இறுக்க மூடும் டப்பாவில் வைக்கவும். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவும். பரிசுப் பெட்டி தனி விலை. உள்ளே எல்லாம் தனித் தனிக் கவரில்."

உப்பு ஒட்ட எண்ணெய் தடவினால் சேர்மானத்தில் அந்த எண்ணெயின் பெயரைச் சேர்த்துவிடு. திரும்பி வந்த மூன்று பாக்கெட்டில் ஏதாவது ஒன்று பிரிக்காமல் உன்னிடம் இருந்தால், இன்றைக்கே அதை 100 கிராம் நிறுத்து எண்ணி எனக்கு எண்ணை அனுப்பு. 55க்கு மேல் வந்தால், ஓணத்துக்குச் சரக்கு எடுப்பதற்கு முன்னால் நாம் உன் சப்ளையரிடம் பேச வேண்டும்.